பெட்டி எண் வேறு, வீட்டு எண் வேறு

அன்புள்ள மாணவர்களே, உறவுகளே,

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. துபாய், சார்ஜா பக்கம் இருப்பவர்கள், "முகவரி என்றால் பிஓ பாக்ஸ் எண்தான், அதைக் கொடுத்தால் போதும், தெருவாவது வீட்டு எண்ணாவது" என்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள், "பிஓ பாக்ஸ் எல்லாம் ஒரு முகவரியா? அதை எந்த வங்கியும் ஒத்துக்கொள்ளாது, இருக்கும் இடத்தை மறைக்கிறவன்தான் அதைக் கொடுப்பான்" என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு, மாரமங்கலத்தில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாக்கள் கையில் ஒரு காகித உறையை வைத்துக்கொண்டு, "சார், இதில் என்னதான் எழுதுவது?" என்று என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தரப்பும் தப்பு. இரண்டு பேருமே தாங்கள் இருக்கும் நாட்டு வழக்கத்தை உலகத்துக்கே விதி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பெட்டி எண் என்பது உங்களுக்கு வரும் கடிதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது. வீட்டு முகவரி என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்வது. இவை இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான இரண்டு தனித்தனி பதில்கள். ஒன்றைக் கேட்ட இடத்தில் இன்னொன்றை எழுதினால் கடிதமும் தொலையும், சில நேரம் நம் மானமும் தொலையும்.

"பிஓ பாக்ஸ் முகவரியே இல்லை" என்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் மலைக் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெருப் பெயர் இருக்கிறது? அப்பா பெயர், ஊர்ப் பெயர், "அஞ்சல்" என்று ஒரு பெயர், ஏற்காடு, சேலம் மாவட்டம், பின்கோடு. அவ்வளவுதான். அந்த "அஞ்சல்" என்ற வரி உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்களுக்கு வரும் கடிதத்தை எந்த அஞ்சலகத்தில் இறக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க பின்கோடும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏற்காட்டின் 636601 என்பது ஒரு வீட்டின் எண் அல்ல, ஓர் அஞ்சலகத்தின் எண். அங்கிருந்து வீடு வரைக்கும் கொண்டுவருவது தபால்காரரின் நினைவு. காப்பித் தோட்டத்துக்கு மேலே இருப்பது யார் வீடு, கீழே இருப்பது யார் வீடு என்று அவருக்குத் தெரியும். ஆக, அஞ்சலகத்தைச் சார்ந்த முகவரியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். நாமே எழுந்து நின்று "அஞ்சலகப் பெட்டி எண் முகவரி ஆகாது" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

இனி வளைகுடாக்காரர்கள் பக்கம் வருகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வரும் வழக்கம் நம் ஊர் போல வேரூன்றவில்லை. அங்கே அஞ்சலகத்தில் வரிசை வரிசையாகப் பூட்டுப் போட்ட பெட்டிகள் இருக்கும். ஆண்டு வாடகை கட்டி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். சாவி நம் கையில். கடிதம் பெட்டியில் விழும், நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் தனிப் பெட்டி எடுப்பதில்லை. கம்பெனிக்கு ஒரு பெட்டி இருக்கும். ஊழியர்களின் கடிதங்கள் எல்லாம் அதில் வந்து விழும். அலுவலகப் பையன் எடுத்து வந்து பெயர் பார்த்துக் கொடுப்பார். நாடு முழுவதற்கும் பின்கோடு என்று ஒன்று கிடையாது. ஆகவே அங்கே கடிதத்துக்குப் பெட்டி எண்தான் சரியான முகவரி. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் "அது போதும்" என்கிறீர்களே, அங்கேதான் தவறு தொடங்குகிறது. பெட்டிக்குள் ஒரு காகித உறை நுழையும். ஒரு பார்சல் நுழையாது. கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டிய உறையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பெட்டி அஞ்சலகத்துக்குச் சொந்தமானது. அதன் சாவி தனியார் கூரியர்காரரிடம் இல்லை. அவர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோதான் வர வேண்டும். வருவதற்கு அவருக்குக் கட்டடத்தின் பெயர், ஃபிளாட் எண், பகுதியின் பெயர், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கைப்பேசி எண் வேண்டும். துபாயில் ஒவ்வொரு கட்டட வாசலிலும் "மகானி" என்று பத்து இலக்க எண் கொண்ட ஒரு தகடு இருக்கும். அந்த எண்ணை வரைபடத்தில் போட்டால் நேராக அந்த வாசலையே காட்டும். கூரியருக்கு அது தேவாமிர்தம். அஞ்சலகப் பெட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண். செவிலியர் படிப்பு முடித்து சார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் வேலை. உரிமம் சம்பந்தமாக ஓர் அசல் சான்றிதழ் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். முகவரியாக மருத்துவமனையின் பெயர், பெட்டி எண், சார்ஜா என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குப் போய் ஒரு தனியார் கூரியர் கவுண்டரில் நின்றார். கவுண்டரில் இருந்த தம்பி, "பிஓ பாக்ஸுக்கு நாங்கள் அனுப்ப மாட்டோம், தெரு முகவரி சொல்லுங்கள்" என்றார். அதுவரை அவர் சொன்னது நியாயம்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். அப்பாவுக்குத் தெரு தெரியாது. மகள் டியூட்டியில், போன் எடுக்கவில்லை. அந்தத் தம்பியே கணினியில் தெரு என்ற இடத்தில் மருத்துவமனையின் பெயரை மறுபடி போட்டார். பின்கோடு கேட்ட இடத்தில் பெட்டி எண்ணைப் போட்டார். பெறுபவரின் கைப்பேசி கேட்ட இடத்தில், எதிரே நின்ற அப்பாவின் நம்பரைப் போட்டார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்துவிட்டார்.

உறை சார்ஜாவுக்குப் போய்விட்டது. அங்கே அந்த மருத்துவமனைக் குழுமத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள். எந்தக் கிளை என்று கேட்க, கொடுத்திருந்த நம்பருக்கு அழைத்தால் மணி மாரமங்கலத்தில் அடிக்கிறது. வெளிநாட்டு நம்பர் என்று பயந்து அவர் எடுக்கவில்லை. "முகவரி முழுமையாக இல்லை" என்று கணினியில் காட்டிக்கொண்டு உறை கிடங்கிலேயே கிடந்தது. கடைசியில் சேலத்துக்கே திரும்பி வந்தது. அசல் சான்றிதழ் தொலையவில்லை, அதுவரை புண்ணியம். ஆனால் உரிமத்துக்கான கெடு தள்ளிப்போய், அந்தப் பெண் மேலதிகாரி முன்னால் போய் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது முறை என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உபயோகம். முதலில் யார் மூலம் அனுப்புவது என்று முடிவு செய்தோம், அதன் பிறகுதான் முகவரியைத் தொட்டோம். இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அசல் ஆவணம், கையில்தான் கொடுக்க வேண்டும், ஆகவே கூரியர். கூரியர் என்றால் வீட்டு முகவரி. அந்தப் பெண்ணிடம் ஃபிளாட் எண், கட்டடத்தின் பெயர், அது இருக்கும் பகுதி, பக்கத்தில் உள்ள ஓர் அடையாளம், அவளுடைய அமீரகக் கைப்பேசி எண் நாட்டுக் குறியீடு 971 உடன், இத்தனையும் கேட்டு வாங்கினோம். பெட்டி எண்ணை எங்கேயும் எழுதவில்லை. பின்கோடு கட்டத்தைக் காலியாக விடச் சொன்னோம். கணினி விடமாட்டேன் என்றது, ஐந்து பூஜ்யம் போட்டோம். அந்த நாட்டுக்குப் பின்கோடு இல்லாததால் அப்படிப் போடுவது எல்லாரும் செய்வதுதான். அனுப்பியவர் என்ற இடத்தில் அப்பாவின் நம்பர், பெறுபவர் என்ற இடத்தில் மகளின் நம்பர். கூரியர்காரர் மகளுக்கு போன் செய்து, எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பாய் என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதே உறை ஒரு சாதாரணக் கடிதமாக இருந்து, நம் ஏற்காடு அஞ்சலகத்தில் போட்டிருந்தால் எழுதும் முறையே வேறு. முதல் வரியில் அவள் பெயர். இரண்டாம் வரியில் "மே/பா" போட்டு மருத்துவமனையின் பெயர், ஏனென்றால் பெட்டி மருத்துவமனையுடையது, அவளுடையது அல்ல. மூன்றாம் வரியில் பெட்டி எண். நான்காம் வரியில் சார்ஜா. கடைசி வரியில் நாட்டின் பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்தில். எல்லாம் ஆங்கிலத்தில்தான், அந்த "மே/பா"வும் ஆங்கிலத்தில்தான். இதில் ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். அமீரகத்தில் ஒரே பெட்டி எண் துபாயிலும் இருக்கலாம், சார்ஜாவிலும் இருக்கலாம், அபுதாபியிலும் இருக்கலாம். ஊர் இல்லாத பெட்டி எண், விலாசம் இல்லாத கடிதத்துக்குச் சமம். ஸ்பீடு போஸ்டில் அனுப்புவதானால் பெறுபவரின் கைப்பேசி எண்ணையும் உறை மேல் எழுதுங்கள். பெட்டி எண்ணுக்கு ஸ்பீடு போஸ்ட் எடுத்துக்கொள்வதில் நாட்டுக்கு நாடு நிபந்தனை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

ஆக, அமீரகத்தில்கூட "பெட்டி எண் போதும்" என்பது பாதி உண்மைதான். அஞ்சல் துறை கொண்டுபோனால் பெட்டி, கூரியர் கொண்டுபோனால் வாசல்.

அதே வளைகுடாவில் சவூதிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே "தேசிய முகவரி" என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நான்கு இலக்கக் கட்டட எண், தெரு, பகுதி, நகரம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, அதோடு நான்கு இலக்கக் கூடுதல் எண். இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசு, வங்கிக் காரியங்களுக்கு அதைத்தான் கேட்பார்கள். ரியாத்தில் இருக்கும் மாணவனுக்கு துபாயில் இருக்கும் மாணவன் "பெட்டி எண் போதுமடா" என்று அறிவுரை சொன்னால் அது பலிக்காது. பாலைவனம் ஒன்றுதான், அஞ்சல் முறை ஒன்றல்ல.

இப்போது அமெரிக்கத் தரப்புக்கு வருவோம். அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு விட்டுத்தான் அவர்களோடு சண்டை போடுவேன்.

உண்மை இதுதான். அமெரிக்காவில் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது வெறும் பிஓ பாக்ஸைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் 2003இல் வந்த விதிப்படி, புதிதாகக் கணக்குத் தொடங்கும் ஆளிடம் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், முகவரி ஆகிய நான்கையும் வங்கி வாங்கியாக வேண்டும். முகவரி என்றால் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்தின் தெரு முகவரி. வேறு வழியே இல்லாதவர்களுக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் தெரு முகவரியைக் கொடுக்கவும் அந்த விதியில் இடம் இருக்கிறது. வங்கிக்குக் கடிதம் அனுப்புவதற்கு இது வேண்டியதில்லை. இந்த ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும், அதற்காகக் கேட்கிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "பிஓ பாக்ஸே செல்லாது" என்று முடிவு கட்டுகிறீர்களே, அங்கேதான் நான் மறுக்கிறேன். அதே வங்கியின் படிவத்தை இன்னும் இரண்டு அங்குலம் கீழே படியுங்கள். "கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி, மேலே உள்ளதிலிருந்து வேறாக இருந்தால்" என்று இன்னொரு கட்டம் இருக்கும். அங்கே பிஓ பாக்ஸைத் தாராளமாக எழுதலாம். குடியேற்றத் துறைப் படிவங்களிலும் இதே போல வசிக்கும் முகவரி ஒன்று, கடித முகவரி ஒன்று என்று தனித்தனியாகக் கேட்பார்கள். நீங்கள் செல்லாது என்று சொல்லும் அதே எண்ணை, ஒரே தாளில் ஓரிடத்தில் மறுக்கிறார்கள், இன்னோரிடத்தில் ஏற்கிறார்கள். ஏனென்றால் கேள்வி வேறு.

அமெரிக்காவில் பிஓ பாக்ஸுக்கு உள்ள வரம்பு நம் சார்ஜா கதையில் பார்த்த அதே வரம்புதான். அந்தப் பெட்டி அந்நாட்டு அஞ்சல் துறையுடையது. ஃபெடெக்ஸ், யுபிஎஸ், டிஎச்எல் ஆட்கள் அதற்குள் போட முடியாது. இங்கிருந்து அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக் கட்டி கூரியரில் பிஓ பாக்ஸுக்கு அனுப்பினால் அது போய்ச் சேராது. சில அஞ்சலகங்களில் ஒரு வசதி இருக்கிறது. அஞ்சலகக் கட்டடத்தின் தெரு முகவரியையும் உங்கள் பெட்டி எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அப்போது கூரியர்காரர்கள் அஞ்சலகத்திலேயே உங்கள் பெயரில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குத் தனியாக எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லா அஞ்சலகத்திலும் கிடையாது. அப்படிக் கிடைத்தாலும் அது நீங்கள் வசிக்கும் இடம் ஆகிவிடாது. பெட்டியில் யாரும் குடியிருக்க முடியாது அல்லவா?

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதிதாகப் போகிற பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தனியார் கடைகள் வாடகைக்குக் கடிதப் பெட்டி கொடுக்கின்றன. பார்க்க அது சாதாரணத் தெரு முகவரி போலவே இருக்கும். கடையின் கதவு எண், தெரு, அதன் பின்னால் ஒரு எண். கூரியரும் வரும், அஞ்சலும் வரும். "வங்கிக்கும் இதையே கொடுத்துவிடலாம், தெரியவா போகிறது?" என்று யாராவது சொல்வார்கள். தெரியும். அந்தக் கடைகள் எல்லாம் அமெரிக்க அஞ்சல் துறையிடம் பதிவு செய்யப்பட்டவை. பெட்டி எடுக்கும்போதே 1583 என்ற எண்ணுள்ள படிவத்தில், அடையாள ஆவணங்களைக் காட்டி, உங்கள் உண்மையான வீட்டு முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். முகவரியைச் சரிபார்க்கும் மென்பொருளில் இது கடிதப் பெட்டிக் கடை என்ற குறியோடுதான் வந்து நிற்கும். வீட்டு முகவரி கேட்ட இடத்தில் அதை எழுதினால், தெருப் பெயர் இருப்பதால் அது வீடு ஆகிவிடாது. கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது.

பிஓ பாக்ஸ் எடுப்பவன் எதையோ மறைக்கிறான் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தனியாக வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், தன் வீட்டு எண்ணை ஒவ்வொரு கடைக்காரனிடமும் கொடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறை மாறும் பையன், அஞ்சலகத்தில் ஒரு நிலையான பெட்டி வைத்துக்கொண்டால் அது புத்திசாலித்தனம். அறைத்தோழன் கையில் வங்கிக் கடிதம் சிக்க வேண்டாம் என்று நினைப்பவனும் பெட்டி எடுக்கட்டும். சட்டப்படி கேட்க உரிமை உள்ள வங்கிக்கும் அரசுக்கும் வீட்டைச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குப் பெட்டியைச் சொல்லுங்கள். இதில் மறைப்பு ஒன்றும் இல்லை. நம் ஊரிலேயே எத்தனை நிறுவனங்கள் விளம்பரத்தில் "தபால் பெட்டி எண்" போட்டுத்தான் விண்ணப்பம் கேட்டன, மறந்துவிட்டீர்களா?

இதுவரை உங்களோடு சண்டை போட்டேன். இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அது நம் நாட்டில் படிவம் தயாரிக்கிறவர்கள் மேல்.

வெளிநாட்டு இந்தியர் கணக்கு, காப்பீடு, முதலீடு என்று எந்தப் படிவத்தையாவது இணையத்தில் திறந்து பாருங்கள். பல இடங்களில் "வெளிநாட்டு முகவரி" என்று ஒரே ஒரு கட்டம். தெரு கட்டாயம். பின்கோடு கட்டாயம். சிலவற்றில் அது ஆறு இலக்கமாகவே இருக்க வேண்டும். பின்கோடே இல்லாத நாட்டில் இருப்பவன் என்ன செய்வான்? பொய் எழுதுவான். நம் பிள்ளைகளில் ஒருவன் 636601 என்று ஏற்காடு பின்கோட்டைப் போட்டு, நாடு என்ற இடத்தில் அமீரகம் என்று போட்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "சார், அதைப் போட்டால்தான் அடுத்த பக்கம் வருது" என்கிறான். படித்த பிள்ளையைப் பொய் எழுத வைப்பது படிவமா, பொறியா? வங்கி தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. நீ எங்கே வசிக்கிறாய், கடிதத்தை எங்கே அனுப்பட்டும். இரண்டு கேள்விக்கு இரண்டு கட்டம் வைத்து, தெரு, பின்கோடு இரண்டையும் "இருந்தால் எழுதவும்" என்று மாற்றினால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

அப்படிப்பட்ட படிவம் வந்தால் நீங்கள் என்ன செய்வது? கற்பனைத் தெருவை எழுதாதீர்கள். முகவரி முதல் வரியில் ஃபிளாட், கட்டடம், பகுதி. இரண்டாம் வரியில் பெட்டி எண், ஊர். இரண்டும் உண்மை. பின்கோடு கட்டம் விடவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேலை பார்க்கும் நாட்டின் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ ஆதாரமாகக் கொடுக்கும்போது, அதில் உள்ள முகவரியும் நீங்கள் எழுதியதும் பொருந்த வேண்டும். வளைகுடா வாடகை ஒப்பந்தத்தில் ஃபிளாட் எண் இருக்கும், நிறுவனக் கடிதத்தில் பெட்டி எண் இருக்கும். எந்த ஆதாரத்தை எந்த வங்கி ஏற்கும் என்பது வங்கிக்கு வங்கி மாறுகிறது, ஆகவே முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

"இதெல்லாம் பழைய காலம் சார், இப்போது எல்லாம் இமெயில், ஓடிபி" என்று ஒருவன் குழுவில் எழுதியிருந்தான். சரி தம்பி, உன் வங்கி அட்டை இமெயிலில் வருமா? அசல் சான்றிதழ் ஓடிபியில் வருமா? கணக்கு முடக்கப் போகிறோம் என்ற அறிவிப்பைப் பதிவில் இருக்கும் முகவரிக்கு அனுப்பிவிட்டு, "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அது உன் கைக்கு வந்ததா என்பது உன் கவலை.

அதனால்தான் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரையில் அதிகம் பேருக்கு நஷ்டம் தருவது இதுதான். கம்பெனிப் பெட்டி கம்பெனியுடையது. வேலையை விட்ட மறுநாள் அந்தப் பெட்டி உங்களுக்கு அந்நியம். உங்கள் பெயருக்கு வரும் உறையை மேசையில் போட்டுவைப்பார்கள், அல்லது குப்பையில் போடுவார்கள். அவர்களுக்கு வேறு கடமை இல்லை. ஆனால் நீங்கள் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் பல ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த கம்பெனியின் பெட்டி எண் இன்னும் உட்கார்ந்திருக்கும். வேலை மாறும்போது விசா, சம்பள பாக்கி, விமான டிக்கெட் எல்லாம் பார்க்கிறீர்கள். அந்தப் பெட்டி எண்ணை எங்கெங்கே கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாகப் பெட்டி எடுத்தவர்கள் ஆண்டு வாடகை கட்டும் தேதியை மறக்கக் கூடாது. கட்டாமல் விட்டால் பெட்டி கையை விட்டுப் போகும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வேறொரு கெடு உண்டு. வெளிநாட்டவர் வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் கொடுத்தது அதற்குப் பதில் ஆகாது. கடிதம் பிஓ பாக்ஸுக்குத்தானே வருகிறது, வீடு மாறினால் என்ன என்று இருந்துவிடாதீர்கள். அவர்கள் கேட்பது நீங்கள் இருக்கும் இடத்தை.

எனவே வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்கு இரண்டு முகவரிகளைத் தனித்தனிச் செய்தியாக அனுப்புங்கள். ஒன்றின் மேல் "தபாலில் போட" என்று எழுதுங்கள். அதில் பெட்டி எண் உள்ளவர்கள் பெட்டி எண், ஊர், நாடு, பெட்டி யாருடையது என்பது. இன்னொன்றின் மேல் "கூரியரில் அனுப்ப" என்று எழுதுங்கள். அதில் கதவு எண்ணிலிருந்து பகுதி வரைக்கும், அதோடு அந்த நாட்டுக் கைப்பேசி எண். இரண்டையும் ஆங்கிலத்தில் அனுப்புங்கள், அப்பா அம்மா அப்படியே பார்த்து எழுதட்டும், அல்லது பிரிண்ட் எடுத்து ஒட்டட்டும். வீடோ வேலையோ மாறினால் பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதிதாக அனுப்புங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கவுண்டரில் "தெரு சொல்லுங்கள்" என்று கேட்டால், தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். அவர்களாக எதையாவது போடவும் விடாதீர்கள். உறையை வாங்கிக்கொண்டு மலையேறி வந்துவிடுங்கள். பிள்ளையிடம் கேட்டு மறுநாள் அனுப்பலாம். ஒரு நாள் தாமதம் பரவாயில்லை. அசல் சான்றிதழ் ஏதோ ஒரு கிடங்கில் கிடப்பதைவிட அது மேல்.

மறுத்துச் சொல்ல இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எந்த நாடு, யார் கேட்டது, எதற்காகக் கேட்டது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று மொட்டையாக எழுதினால் பதில் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
மாரமங்கலம்.